பெறுபேறு எப்போது வரும் என்று எழுதுவது?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி தமது விண்ணப்பத்தின் பிரதியொன்றை நமக்கு அனுப்பி, "இதில் ஏதும் பிழையுண்டா?" என்று கேட்டிருக்கிறார். நான்காண்டு வியாபார நிர்வாகமாணி கற்கையின் கடைசிப் பரீட்சையை மே 2ஆம் திகதி எழுதி முடித்திருக்கிறார். கொழும்பிலுள்ள தனியார் கம்பனியொன்று பயிலுனர் நிறைவேற்றுத்தர பதவிக்கு ஆள் கேட்டிருக்கிறது. விண்ணப்ப முடிவு ஜூன் 20. மின்னஞ்சலில் அவர் எழுதியிருக்கும் முக்கியமான வரிகள் இவைதாம்: "நான் ஒரு முகாமைத்துவப் பட்டதாரி. இறுதிப் பெறுபேறு விரைவில் வெளியாகும். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு எதிர்பார்க்கப்படுகிறது."

மூன்றே வரிகள்தாம். ஆனால் மூன்றையும் மாற்ற வேண்டும்.

முதலில் "பட்டதாரி" என்ற சொல். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே வீட்டிலும் ஊரிலும் நம்மைப் பட்டதாரி என்றுதான் அழைப்பார்கள்; அதில் குறையில்லை. ஆனால் ஏட்டில் அப்படியல்ல. விடைத்தாள்கள் திருத்தப்பட்டு, இரண்டாவது பரீட்சகரும் பார்த்து, ஆய்வறிக்கைப் புள்ளிகளும் வந்து சேர்ந்து, பரீட்சைச் சபை கூடி, மூதவை அங்கீகரித்த பின்னரே பட்டம் உறுதியாகிறது. அதுவரை சகோதரி "கற்கையை முடித்து இறுதிப் பெறுபேற்றை எதிர்பார்த்திருப்பவர்". சுயவிபரக்கோவையில் பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போட்டுவிட்டு, மின்னஞ்சலில் பெறுபேறு வரவில்லை என்று எழுதினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆட்சேர்ப்புப் பிரிவில் இருப்பவர் இரண்டையும் அருகருகே வைத்துத்தான் படிப்பார்.

அடுத்து "விரைவில்" என்ற சொல். இதுதான் இந்த விண்ணப்பத்தின் பெரிய பலவீனம் என்பது என் எண்ணம். விரைவில் என்றால் ஜூலையா, டிசம்பரா? கம்பனிக்காரர் ஒருவரை எந்த மாதத்தில் வேலைக்கு அமர்த்தலாம், எப்போது நிரந்தர நியமனக் கடிதம் கொடுக்கலாம் என்று கணக்குப் பார்ப்பவர். திகதி தெரிந்தால் காத்திருக்கவும் அவரால் முடியும். தெரியாவிட்டால் பெறுபேறு கையிலுள்ள அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வார்.

அப்படியானால் திகதியை எங்கே பெறுவது? பீட அலுவலகத்தில் அல்லது பரீட்சைக் கிளையில் கேட்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் நாள் குறித்துச் சொல்லமாட்டார்கள், மாதத்தைச் சொல்வார்கள். அதுவும் கிடைக்காவிட்டால், முந்திய அணிக்கு கடைசிப் பரீட்சையிலிருந்து பெறுபேறு வரை எவ்வளவு காலம் சென்றது என்று சிரேஷ்ட மாணவர் ஒருவரைக் கேளுங்கள். சகோதரி விசாரித்ததில் முந்திய அணிக்கு மூன்றரை மாதம் சென்றிருக்கிறது. மே 2இலிருந்து மூன்றரை மாதம் என்றால் ஆகஸ்ட் நடுப்பகுதி. அவர் "ஆகஸ்ட் 15" என்று எழுத நினைத்தாராம். வேண்டாம். ஆய்வறிக்கையொன்றின் வாய்மொழிப் பரீட்சை ஒரு வாரம் பிந்தினாலே அந்த நாள் பொய்யாகிவிடும். "ஆகஸ்ட் இறுதிக்குள்" என்று எழுதினால் இரண்டு வாரம் கையிருப்பில் இருக்கும். அந்தத் திகதி எதன் அடிப்படையில் வந்தது என்பதையும் நாலு சொல்லில் சேர்த்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ் என்று மனதில் சொல்லிக்கொள்வோம். கம்பனிக்காரருக்கு ஆதாரத்தையும் சொல்வோம்.

இங்கே இன்னொரு குழப்பமும் நேர்வதுண்டு. சிலர் பட்டமளிப்பு விழாத் திகதியை எழுதிவிடுகிறார்கள். விழா பெறுபேற்றுக்குப் பல மாதங்கள் பிந்தியும் நடக்கும். கம்பனி கேட்பது கறுப்பு அங்கியை அல்ல, பெறுபேற்றுத் தாளை. ஆகவே பெறுபேறு வெளியாகும் திகதியையே எழுத வேண்டும்.

மூன்றாவது, "மேற்பிரிவு எதிர்பார்க்கப்படுகிறது" என்பது. சகோதரியின் ஏழு செமஸ்டர் சராசரி 3.31. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மேற்பிரிவுக்கு 3.30 வேண்டும். எனவே அவர் நம்பிக்கையோடு எழுதிவிட்டார். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மொத்தம் 120 திறமைப் புள்ளிகளில் 105 முடிந்திருக்கின்றன, 15 மீதி. அந்தப் பதினைந்தில் அவர் ஏறத்தாழ 3.23 சராசரி எடுத்தால்தான் மொத்தம் 3.30இல் நிற்கும். எல்லாப் பாடத்திலும் சாதாரண 'பீ' வந்தால் அது 3.00தான், மேற்பிரிவு கைநழுவிவிடும். பிறகு கம்பனிக்கு என்ன விளக்கம் சொல்வது? வகுப்பை எழுதாமல், கையிலிருக்கும் 3.31ஐ எழுதுவதே போதும். பார்ப்பவருக்கு அது என்ன என்பது தெரியும்.

இனி அந்த மூன்று வரிகளையும் இப்படி மாற்றலாம். ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் பொருள் இதுதான்:

"நான்காண்டு வியாபார நிர்வாகமாணி கற்கையின் எட்டாவது செமஸ்டர் பரீட்சையை மே 2ஆம் திகதி நிறைவு செய்துள்ளேன். அந்த ஒரு செமஸ்டரின் பெறுபேறு மாத்திரமே வெளியாக வேண்டியுள்ளது. முந்திய அணியின் பெறுபேறு வெளியான காலத்தைக் கொண்டு, ஆகஸ்ட் இறுதிக்குள் அதனை எதிர்பார்க்கிறேன். முதல் ஏழு செமஸ்டர்களின் சராசரி 3.31, பெறுபேற்றுத் தாள்களை இணைத்துள்ளேன். இறுதிப் பெறுபேறு வெளியானதும் அனுப்பிவைப்பேன்."

இதை மின்னஞ்சலின் அடியில் ஒளித்து வைக்காமல், எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று சொன்ன உடனேயே எழுதுங்கள். சுயவிபரக்கோவையிலும் கல்வித் தகைமையின் கீழ் அதே மாதம் இருக்க வேண்டும். அங்கே ஜூலை, இங்கே ஆகஸ்ட் என்றிருந்தால் இரண்டையும் நம்பமாட்டார்கள்.

"மாத்திரமே" என்ற சொல்லை எல்லோரும் எழுதிவிட முடியாது. மூன்றாம் ஆண்டில் ஒரு பாடம் தவறி, மீள் பரீட்சை எழுத வேண்டியிருந்தால் அது வேறு கதை. அந்தப் பாடத்தை அடுத்த அணியோடு எழுதுவதென்றால் அதன் பெறுபேறும் அப்போதுதான் வரும். அதைத் தனி வரியில், தனித் திகதியோடு சொல்லிவிட வேண்டும். இணைத்த பெறுபேற்றுத் தாளில் அது எப்படியும் தெரியத்தான் போகிறது.

அரசாங்க வேலைக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. வர்த்தமானி அறிவித்தல்களில் தகைமைகள் யாவும் விண்ணப்ப முடிவுத் திகதியன்று பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். அங்கே எதிர்பார்க்கும் திகதிக்கு இடமில்லை. பட்டம் எந்த நாளிலிருந்து வலுப்பெறுகிறது என்பதையே பார்ப்பார்கள். அந்த வாசகத்தை வாசித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஆகஸ்ட் முடிந்தும் பெறுபேறு வராவிட்டால்? கம்பனி கேட்கும்வரை இருக்க வேண்டாம். செப்டம்பர் முதல் வாரத்தில், முன்பு அனுப்பிய அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டே வரி எழுதுங்கள்: பெறுபேறு பிந்துகிறது, புதிதாக அறிந்த மாதம் இது. புதிய மின்னஞ்சலாக அனுப்பினால் எந்த விண்ணப்பத்துக்கானது என்று அவர்கள் தேட வேண்டிவரும்.

நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தால், கடைசிப் பரீட்சைக்குத் தோற்றியதையும் பெறுபேறு வெளிவராததையும் உறுதிப்படுத்தும் கடிதமொன்றைக் கேட்கக்கூடும். பீடத்தின் உதவிப் பதிவாளரிடம் எழுத்தில் விண்ணப்பித்து அதைப் பெறலாம். சில நாள் செல்லும். சகோதரி இப்போது ஊருக்கு வந்துவிட்டார். அழைப்பு வந்தபின் இதற்கென ஒரு பயணம் போவதைவிட, அடுத்த முறை நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.