ஆண்டறிக்கையைப் பின்னாடியிருந்து படிங்க



அல் ஐன்ல வளர்ந்தவங்களுக்கு என்எம்சி-ங்கிற பேர் புதுசா இருக்காது. ரோட்டுல போறப்போ பாக்கிற ஆஸ்பத்திரி போர்டுதான். ஆனா அந்தப் பேர்ல லண்டன் பங்குச்சந்தையில ஒரு ஷேர் இருந்தது, அதை வச்சிருந்தவங்க காசு 2020-ல மொத்தமா போச்சுங்கிறது நம்ம வயசுக்காரங்கள்ல நிறைய பேருக்குத் தெரியாது. முதல் முதலா ஷேர் வாங்கப் போறவங்க "ஆண்டறிக்கை இருநூறு பக்கம் இருக்கே, எதை முதல்ல படிக்கணும்?"னு கேட்டா, நான் இந்தக் கதையிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

என்எம்சி 1975-ல அபுதாபியில பி.ஆர். ஷெட்டி தொடங்கினது. 2012-ல லண்டன்ல பட்டியலாச்சு, 2017-ல பிரிட்டனின் நூறு பெரிய கம்பெனிகள் இருக்கிற எஃப்டிஎஸ்இ 100-க்குள்ள போச்சு. 2019 டிசம்பர் 17-ம் தேதி மடி வாட்டர்ஸ்ங்கிற அமெரிக்க நிறுவனம் இதன் கணக்குகளைச் சந்தேகிச்சு ஓர் அறிக்கை விட்டது. ஷேர் விலை இறங்கினா அவங்களுக்கு லாபம், அதையும் மறந்துடக் கூடாது. கம்பெனி எல்லாத்தையும் மறுத்தது. கையிருப்பைக் கழிச்ச கடன் சுமார் 210 கோடி டாலர்னு 2019 ஜூன் கணக்கு சொல்லியிருந்தது. 2020 மார்ச்ல கம்பெனியே மொத்தக் கடன் 500 கோடின்னு சொன்னது. கொஞ்ச நாள்ல அது 660 கோடியாச்சு. ஏப்ரல்ல நிர்வாகம் கோர்ட் நியமிச்சவங்க கைக்குப் போயிடுச்சு. யார் செஞ்சாங்கன்னு வழக்குகள் நடந்தன. தன்னையும் ஏமாத்திட்டாங்கன்னுதான் ஷெட்டி சொல்றார்.

ஆஸ்பத்திரிகள் மூடல, இன்னிக்கும் ஓடுது. டாக்டர் நல்லவர், மருந்து கிடைக்குது, கட்டடம் பளபளன்னு இருக்கு. வாடிக்கையாளரா நமக்குத் தெரிஞ்ச இது எதுவும் அந்த ஷேரைக் காப்பாத்தல. அதனால என் கருத்து இதுதான்: ஆண்டறிக்கையோட முன்பாதியில இருக்கிற தலைவர் கடிதம், சிரிக்கிற படங்கள், கிராஃப் எல்லாத்தையும் கடைசிக்கு வைங்க. புது கிளையன்ட் சிஸ்டத்தைக் கையில எடுத்தா நான் அவங்க பிரசன்டேஷனைப் பாக்க மாட்டேன், லாக் ஃபைலைத்தான் திறப்பேன். இங்கே லாக் ஃபைல்னா பின்பாதியில இருக்கிற குறிப்புகள். பிடிஎஃப்-ஐத் திறந்து இதையெல்லாம் தேடுங்க:

```
key audit matters
finance costs
related part
guarantee
```

மூணாவது வார்த்தையை வேணும்னுதான் பாதியில விட்டிருக்கேன். party, parties ரெண்டும் மாட்டும்.

முதல்ல ஆடிட்டர் அறிக்கை. ஆரம்பத்துலேயே "கணக்கு உண்மையான, நியாயமான சித்திரம் தருது"ன்னு ஒரு பத்தி இருக்கும். அதுல "தவிர"ன்னு எதாவது ஒட்டியிருந்தா அங்கேயே நின்னு படிங்க. அதுக்கு அப்புறம் வர்ற முக்கிய தணிக்கை விஷயங்கள் பகுதியில, எந்த எண்ணைச் சரிபார்க்க ரொம்ப மெனக்கெட்டோம்னு ஆடிட்டரே சொல்லியிருப்பார். எங்கே மதிப்பீடு அதிகம், எங்கே தப்பு நடக்க இடம் இருக்குன்னு காட்டுற வரைபடம் அது. ஆனா இதை மட்டும் நம்பாதீங்க. என்எம்சி-யோட 2018 கணக்குக்கு இ-ஒய் எந்தக் குறையும் சொல்லாத சான்றுதான் கொடுத்திருந்தது.

ரெண்டாவது, கடனும் வட்டியும். இது ரெண்டும் வேற வேற குறிப்புல இருக்கும், பக்கத்துல வச்சுப் பாக்கணும். ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்குவோம். வருஷ ஆரம்பத்துல கடன் 90 கோடி திர்ஹாம், முடிவுல 110 கோடி. சராசரி 100 கோடி. வட்டி 5-லிருந்து 6 சதவீதம்னு கடன் குறிப்பு சொல்லுது. அப்போ வருஷ வட்டி 5-லிருந்து 6 கோடி இருக்கணும். நிதிச் செலவுக் குறிப்புல 9 கோடி இருந்தா? மிச்சம் 3 கோடிக்கு மேல எங்கிருந்து வந்தது? குத்தகைக்கான வட்டியா இருக்கலாம், வங்கிக் கட்டணமா இருக்கலாம். அதே குறிப்புலேயே பிரிச்சுப் போட்டிருப்பாங்க, கழிச்சுப் பாருங்க. கழிச்ச பிறகும் மிச்சம் நின்னா, வருஷம் பூரா கடன் நிறைய இருந்து, டிசம்பர் 31-க்கு மட்டும் குறைச்சுக் காட்டியிருக்கலாம். இதையே கையிருப்புக்கும் செய்யலாம். வங்கியில 50 கோடி இருக்குன்னு சொல்ற கம்பெனிக்கு வட்டி வருமானம் வெறும் 20 லட்சம்னா, அந்த 50 கோடி எத்தனை நாள் அங்கே இருந்ததுன்னு கேக்கணும்.

கடன் இன்னொரு இடத்துலயும் ஒளிஞ்சிருக்கும். சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய பில்லை வங்கி உடனே கட்டிடும், கம்பெனி வங்கிக்குப் பிறகு கட்டும். உண்மையில அது கடன் மாதிரிதான், ஆனா "சப்ளையர் பாக்கி"ங்கிற வரியில போய் உட்கார்ந்துக்கும். வியாபாரம் அதே அளவுல இருக்கும்போது அந்தப் பாக்கி மட்டும் வேகமா ஏறினா காரணம் தேடுங்க. நல்ல விஷயம் என்னன்னா, 2024 ஜனவரி 1-ல இருந்து சர்வதேசக் கணக்கு விதிகள்படி இந்த ஏற்பாட்டைத் தனியா வெளியிட்டே ஆகணும். பழைய அறிக்கைகள்ல இதைத் தேடினா கிடைக்காம போகலாம்.

மூணாவது, தொடர்புடைய தரப்பினர் குறிப்பு. முதலாளி, இயக்குநர், அவங்க குடும்பம், அவங்களோட மத்த கம்பெனிகள், இவங்ககூட நடந்த வாங்கல் விற்கலை இங்கே எழுதணும். இருக்கிறதே தப்பில்ல. நம்ம ஊர்க் குடும்பத் தொழில் எல்லாத்துலயும் இருக்கும். பாக்க வேண்டியது, வருஷா வருஷம் தொகை வளருதா, கடன் கொடுத்திருக்காங்களா, அது திரும்பி வருதா, அவங்க கடனுக்கு இந்தக் கம்பெனி ஜாமீன் நிக்குதாங்கிறதுதான். ஜாமீன் தனிக் குறிப்புல இருக்கும். அதுக்குத்தான் நாலாவது தேடல் வார்த்தை. என்எம்சி-யில 2020 பிப்ரவரியில வெளியே வந்தது இந்த மாதிரி விஷயம்தான்: பெரிய பங்குதாரர்களோட கம்பெனிகள் பயன்படுத்தின சுமார் 33.5 கோடி டாலர் சப்ளையர் நிதி ஏற்பாட்டுக்குக் கம்பெனி ஜாமீன் நின்னிருந்தது, அது முதலீட்டாளர்களுக்குச் சொல்லப்படல.

இங்கே நேர்மையா ஒண்ணு ஒத்துக்கணும். எழுதாத கடனை எந்தக் குறிப்பைப் படிச்சும் கண்டுபிடிக்க முடியாது. என்எம்சி தன் கடனை 400 கோடி டாலர் வரைக்கும் குறைச்சுக் காட்டினதா பிரிட்டனின் நிதி ஒழுங்கு ஆணையம் 2023-ல கண்டிச்சது. கடனும் அதோட வட்டியும் சேர்ந்தே கணக்குக்கு வெளியே இருந்தா, மேலே போட்ட வட்டிக் கணக்கும் சரியாத்தான் வரும். "அப்போ எதுக்குப் படிக்கணும்?"னு கேப்பீங்க.

படிச்சா மோசடியைப் பிடிச்சிடலாம்னு நான் சொல்லல. நமக்குப் புரியாத இடம் எதுன்னு தெரியும், அவ்வளவுதான். வாங்கிக் குவிச்சே வளர்ற கம்பெனி, பெரிய பங்குதாரர்களோட சொந்தக் கம்பெனிகள் அதே தொழிலைச் சுத்தி இருக்கு, ரொக்கமும் நிறைய கடனும் நிறைய. இந்த அளவு 2018 அறிக்கையை வச்சே தெரிஞ்சுக்க முடியும். இது குற்றத்துக்கு ஆதாரம் கிடையாது. ஆனா பதில் இல்லாத கேள்விகள். ஆடிட்டரும் வங்கியும் வேலையா அதுக்குப் பதில் தேடணும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்ல. சம்பளத்துல மிச்சம் பிடிச்ச காசு நம்மது. மூணு குறிப்பு படிச்சும் ஒரு கேள்வி நின்னுச்சுன்னா அந்த ஷேரை விட்டுட்டு அடுத்த பிடிஎஃப்-ஐத் திறங்க.

அடுத்த வாரம் பாக்கலாம்.