ஏழு பலித்தும் நட்டம்

பங்குச்சந்தை சிக்னல் தரும் சேவை ஒன்றுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் சந்தா கட்டினால் போதுமாம். சிக்னல் வந்ததும் மென்பொருளே நம் கணக்கில் வாங்கி விற்று லாபம் சேர்த்துவிடுமாம். "பத்துக்கு ஏழு பலிக்கிறது, சேரலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்கிறார். வேண்டாம் என்பதே நம் பதில். அந்த ஏழு மெய்யாகவே இருந்தாலும் வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆப்ஷனை 120 ரூபாயில் வாங்கு, இலக்கு 130, ஸ்டாப் லாஸ் 112 என்று சிக்னல் வருகிறது. பலித்தால் 10 ரூபாய் லாபம், தவறினால் 8 ரூபாய் நட்டம். பத்தில் ஏழு பலித்தால் வரவு 70, இழப்பு 24, மிச்சம் 46. விளம்பரத்தில் காட்டப்படுவது இதுதான்.

நண்பருக்கு அந்த 120 ரூபாய் விலை கிடைக்காது. ஆயிரக்கணக்கான சந்தாதாரர்களின் ஆர்டர்கள் ஒரே நொடியில் போய் விழுந்தால், வியாபாரம் மெலிந்த ஆப்ஷனின் விலை எகிறிவிடும். அவருக்கு 125-இல் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது பலித்தால் லாபம் 5, தவறினால் நட்டம் 13. அதே ஏழு பலித்தும் வரவு 35, இழப்பு 39. தரகும் வரியும் சந்தாவும் கழிக்கும் முன்பே கை நட்டம். மென்பொருளின் வேகம் இதற்கு மருந்தல்ல. எல்லோரையும் ஒரே வாசலில் முட்டவைப்பதே அந்த வேகம்தான். ஸ்டாப் லாஸில் எல்லோரும் சேர்ந்து விற்கும்போது 112-உம் கிடைக்காமல் போகலாம். சிக்னலுக்கு முன்பே வாங்கி வைத்த ஒருவர் இருந்தாலோ, அவருடைய சரக்கை ஏறிய விலையில் வாங்கிக்கொள்வது நம் நண்பர்தான்.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்கிறது செபியின் ஆய்வு. லாபத்துக்கு உறுதி தர, செபியில் பதிவுபெற்ற ஆய்வாளருக்கே விதிகளில் இடமில்லை. ஆகவே 'உறுதியான லாபம்' என்ற சொல்லே விலகிப்போகப் போதுமான காரணம். ஆய்வாளர் என்று சொல்பவரிடம் INH என்று தொடங்கும் பதிவெண்ணைக் கேட்டு, செபியின் இணையதளத்தில் பெயரோடு ஒப்பிட வேண்டும். எண் சரியாக இருந்தாலும், அவர் யாரென்றுதான் அது சொல்லும். லாபத்துக்கு அது ஜாமீன் அல்ல.

நண்பருக்கு இன்னும் மனம் கேட்கவில்லையென்றால், இலவசமாக வரும் சிக்னல்களை வைத்து ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் வியாபாரம் செய்யட்டும். சிக்னலில் சொன்ன விலையை ஒரு பத்தியிலும், அது கைக்கு வந்த நிமிடத்தில் சந்தையில் இருந்த விலையை அடுத்த பத்தியிலும் எழுதட்டும். விளம்பரம் காட்டுவது முதல் பத்தியை. நண்பரின் பணம் போய்ச்சேரும் இடம் இரண்டாவது பத்தி.