பி.பி.எஃப்-பா, இண்டெக்ஸ் ஃபண்டா? சூளை வருமானக்காரருக்கு ஒரு கணக்கு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சின்ன யூனிட் நடத்துபவர்களுக்கு வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வருவதில்லை. நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மை, கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு, நடுவில் பியூஸ் கேரியர், இன்சுலேட்டர் ஆர்டர் என்று பணம் அலை அலையாக வரும். இ.பி.எஃப் சட்டமும் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். நான்கைந்து பேரை வைத்து சூளை நடத்துபவருக்கு, 60 வயதுக்குப் பிறகான பணத்தை அவரேதான் சேர்க்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். 'பி.பி.எஃப் போடலாமா, இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி போடலாமா, எதில் அதிகம் வரும்?'

எதில் அதிகம் வரும் என்பதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. அவசரத்துக்கு எவ்வளவு எடுக்க முடியும்? சந்தை விழுந்தால் காத்திருக்க நமக்கு நேரம் இருக்குமா? ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

மாதம் 5,000 ரூபாய்

2025 ஏப்ரலில் ஒருவருக்கு வயது 39 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000, அதாவது வருடத்துக்கு 60,000 ரூபாய் ஒதுக்க முடியும். 60 வயது வரை 21 வருடம். மொத்தம் போடுவது 12.6 லட்சம்.

அத்தனையும் பி.பி.எஃப்-பில், ஒவ்வொரு ஏப்ரல் முதல் வாரத்திலும் மொத்தமாகப் போட்டால், 7.1% வட்டியில் கடைசியில் சுமார் 29 லட்சம் இருக்கும். அத்தனையும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போட்டு, சராசரியாக ஆண்டுக்கு 10% வளர்ந்தால் சுமார் 40 லட்சம்.

இந்த இரண்டு எண்களுமே உறுதி இல்லை. பி.பி.எஃப் வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது. 2000-ம் ஆண்டு ஜனவரி வரை 12% கொடுத்த திட்டம் இது. 7.1% என்பது 2020 ஏப்ரலில் வந்த விகிதம். வட்டி இறங்கலாம், ஆனால் போட்ட பணம் குறையாது. இண்டெக்ஸ் ஃபண்டின் 10% வெறும் அனுமானம். அதில் போட்ட பணமே குறையலாம்.

சூளையும் சந்தையும் ஒரே வாரத்தில் நின்றபோது

2020 ஜனவரி 14 அன்று நிஃப்டி 12,362 புள்ளிகளில் முடிந்தது. மார்ச் 23 அன்று 7,610. பத்தே வாரத்தில் 38% சரிவு. அதற்கு இரண்டு நாள் கழித்து, மார்ச் 25 அன்று, நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. அத்தியாவசியப் பட்டியலில் இல்லாத தொழிற்சாலைகள் எல்லாம் மூடின.

அந்த வருடம் நவம்பருக்குள் நிஃப்டி பழைய உயரத்தைத் தொட்டுவிட்டது. காத்திருந்தவர்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் தொழில் நடத்துபவரால் காத்திருக்க முடிந்திருக்குமா? ஆர்டர் நின்ற அதே வாரத்தில்தான் கூலிக்கும் வாடகைக்கும் பணம் தேவைப்பட்டிருக்கும். கையில் இருக்கும் ஒரே சேமிப்பு இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால், அதை அடிமட்ட விலையில்தான் விற்றிருப்பார். மாதச் சம்பளம் நிற்காத அரசு ஊழியருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தொழில் படுப்பதும் சந்தை படுப்பதும் பல நேரம் ஒன்றாகவே வரும்.

இன்னொரு ஆபத்து கடைசி வருடத்தில் இருக்கிறது. 60 வயதை நெருங்கும்போது 40 லட்சமாக இருக்கும் தொகை, 2020 போல 38% விழுந்தால் 25 லட்சத்துக்கும் கீழே வந்துவிடும். அது பி.பி.எஃப் தந்திருக்கும் 29 லட்சத்தைவிடக் குறைவு. 2020 சரிவு எட்டு மாதத்தில் சரியானது. 2008-ல் விழுந்த நிஃப்டி, ஜனவரி 2008 உச்சத்தைத் திரும்பத் தொட 2010 நவம்பர் வரை ஆனது.

பி.பி.எஃப்-பில் இருந்து எவ்வளவு எடுக்கலாம்?

அப்படியானால் பி.பி.எஃப்-பே பாதுகாப்பு என்று முழுவதையும் அதில் போடலாமா? அங்கே வேறு சிக்கல் இருக்கிறது.

நம் உதாரணக் கணக்கு 2025-26 நிதியாண்டில் தொடங்குகிறது. முதல்முறை ஒரு பகுதியை எடுக்க 2031-32 வரை காத்திருக்க வேண்டும். அப்போது பாஸ்புக்கில் சுமார் 4.6 லட்சம் இருக்கும். சூளை பழுதாகிவிட்டது, 3 லட்சம் வேண்டும் என்று அஞ்சலகத்துக்குப் போனால் கிடைப்பது சுமார் 1 லட்சம்தான்.

காரணம் விதியில் இருக்கிறது. முந்தைய வருடக் கடைசியில் இருந்த தொகை, நான்கு வருடத்துக்கு முந்தைய வருடக் கடைசியில் இருந்த தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதில் பாதிதான் எடுக்கலாம். 2031-32-ல் எடுப்பவருக்கு 2028 மார்ச் 31 அன்று இருந்த 2.07 லட்சம்தான் கணக்கு. அதில் பாதி 1.03 லட்சம். அதுவும் வருடத்துக்கு ஒருமுறைதான். அதற்கு முந்தைய வருடங்களில், மூன்றாவது நிதியாண்டு முதல், ஒரு சிறிய கடன் மட்டும் வாங்கலாம்.

இண்டெக்ஸ் ஃபண்டில் இந்தப் பூட்டு இல்லை. விற்கச் சொன்னால் இரண்டு மூன்று வேலை நாளில் வங்கிக்குப் பணம் வந்துவிடும். என்ன விலைக்கு விற்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இல்லை.

ஆக, அவசரச் செலவுக்கு இரண்டுமே சரியான இடம் அல்ல. ஆர்டர் இல்லாத மாதங்களைத் தாண்டும் அளவுக்குப் பணத்தை முதலில் வங்கியில் தனியாக வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் இந்தப் போட்டியே.

கடன்காரர் வந்தால்?

சொந்தப் பெயரில் தொழில் நடத்துபவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் இது. தொழில் கடன் அடைபடாமல் வழக்கு போனால், வீட்டுச் சேமிப்பும் அதில் மாட்டும். இண்டெக்ஸ் ஃபண்ட் யூனிட்டுகளை நீதிமன்றம் ஜப்தி செய்யலாம். பி.பி.எஃப் கணக்கில் இருக்கும் தொகையை, கணக்குதாரர் பட்ட கடனுக்காக நீதிமன்ற ஆணை மூலம் ஜப்தி செய்ய முடியாது என்று அந்தத் திட்டத்தின் விதியே சொல்கிறது. சம்பளக்காரருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. முன்பணம் வாங்கித் தொழில் செய்பவருக்கு, முதுமைப் பணத்தில் ஒரு பங்கையாவது பி.பி.எஃப்-பில் வைக்க இது ஒன்றே போதுமான காரணம்.

வரி எங்கே கடிக்கும்?

பி.பி.எஃப் போட்டால் வரி மிச்சம் என்று பலர் சொல்வார்கள். அந்த 80சி கழிவு பழைய வரிமுறையில் மட்டும்தான். புதிய முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டியதே இல்லை என்பதால், சின்ன யூனிட்காரர் பலருக்கு அந்தக் கழிவால் பயனும் இல்லை. ஆனால் பி.பி.எஃப் வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் இரண்டு முறையிலுமே வரி கிடையாது.

இண்டெக்ஸ் ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5%. மேலே சொன்ன 40 லட்சத்தை ஒரே நாளில் எடுத்தால், வேறு வருமானமும் உள்ளவருக்கு வரி சுமார் 3.4 லட்சம் வரும். அதையே மாதம் 11,000 ரூபாயாக எடுத்தால் வருடத்துக்கு 1.32 லட்சம். முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு என்பதால் அதில் லாபப் பங்கு அதிகம், சுமார் 1.14 லட்சம். இருந்தாலும் 1.25 லட்சத்துக்குள் நிற்கிறது. வரி பூஜ்யம்.

55 வயதில் கைமாற்றுங்கள்

இரண்டையும் சேர்த்து வைப்பதன் பலன் கடைசி ஐந்து வருடத்தில்தான் தெரியும். நம் உதாரணக்காரர் 5,000-ஐ ஆளுக்குப் பாதியாகப் பிரித்ததாக வைப்போம். 2041-ல், அவருக்கு 55 வயதாகும்போது, பி.பி.எஃப்-பில் சுமார் 9 லட்சம் இருக்கும். இண்டெக்ஸ் ஃபண்டில், அதே 10% கணக்கில், சுமார் 11 லட்சம்.

அப்போது பி.பி.எஃப் முதிர்கிறது. பணத்தை எடுக்காமல், தொடர்ந்து பணம் போடும் வகையில் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். அதன் பிறகு அதன் குணமே மாறிவிடும். நீட்டிப்புத் தொடங்கும்போது இருந்த தொகையில் 60% வரை அந்த ஐந்து வருடத்துக்குள் எடுக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை.

பி.பி.எஃப்-பில் வருடத்துக்கு 1.5 லட்சம் வரை போடலாம். வழக்கமான 30,000 போக 1.2 லட்சம் இடம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இண்டெக்ஸ் ஃபண்டில் இருந்து 1.2 லட்சம் விற்று இங்கே போடுங்கள். விற்பதே 1.2 லட்சம் என்பதால் லாபம் 1.25 லட்சத்தைத் தாண்ட வழியே இல்லை. வரி இல்லாமல் ஐந்து வருடத்தில் 6 லட்சம் பாதுகாப்பான பக்கம் வந்துவிடும். சந்தை பலமாக விழுந்த வருடத்தில் மட்டும் விற்காமல் விட்டுவிடலாம். வரி வரம்பும் விதிகளும் அதற்குள் மாறலாம் என்பதால், 2041-ல் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

தவறவிடக்கூடாத நாட்கள்

பி.பி.எஃப் முதிர்வு என்பது 15 நிதியாண்டு, ஆனால் கணக்குத் தொடங்கிய வருடத்தைச் சேர்க்காமல். மார்ச் 31 அன்று தொடங்குபவருக்கு, மறுநாள் ஏப்ரல் 1 அன்று தொடங்குபவரைவிட ஒரு வருடம் முன்பே முதிர்ந்துவிடும்.

ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி முடிவில் இருந்து மாதக் கடைசி வரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 6-ம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி கிடைக்காது.

வியாபாரம் மந்தமான வருடத்திலும் 500 ரூபாயாவது போட்டுவிடுங்கள். விட்டால் கணக்கு செயலிழந்து, கடனும் இடையில் எடுப்பதும் நின்றுவிடும். திரும்ப உயிர்ப்பிக்க, விட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் 500 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் கட்ட வேண்டும்.

முதிர்ந்த பிறகு பணம் போட்டு நீட்டிக்க ஒரு வருடத்துக்குள் படிவம் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் கணக்கு வட்டியோடு தொடரும், ஆனால் புதிதாகப் பணம் போட முடியாது. 55 வயதில் கைமாற்றும் வழி அத்தோடு அடைபட்டுவிடும். அந்தத் தேதியை இப்போதே பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.