ஒன்றரை ரூபாய் வட்டி, 35 நாளில் எப்படி இரண்டரை ரூபாய்க்கு மேலே போகிறது?

நகைக் கடன் பற்றி நம்ம சேனல்ல எந்த வீடியோ போட்டாலும் கீழே ஒரே மாதிரி கேள்விதான் வருது: "சார், 3 பவுன் வச்சிருக்கேன், 5 மாசம் ஆச்சு, மாசம் ஒன்றரை ரூபா வட்டி, எவ்வளவு கட்டணும்?" கேட்பவர் பவுன், மாதம், வட்டி என்று மூன்று விவரம் கொடுத்துவிட்டார். ஆனால் இந்த மூன்றை மட்டும் வைத்து யாராலும் சரியான தொகையைச் சொல்ல முடியாது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு அடிப்படை. வட்டி உங்கள் நகையின் எடைக்கு இல்லை, நீங்கள் கையில் வாங்கிய பணத்துக்கு. அந்தப் பணம் எவ்வளவு என்று முடிவு செய்வதில் மட்டும்தான் எடைக்கு வேலை. அதுவும் தராசில் காட்டுகிற மொத்த எடை கிடையாது. கல், அரக்கு, கயிறு எல்லாம் கழித்த நிகர எடை. 3 பவுன் சங்கிலி என்றால் 24 கிராம். டாலரில் இருக்கும் கல்லுக்காக 1 கிராம் கழித்தால் 23 கிராம். கிராமுக்கு ₹6,000 கடன் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கையில் வருவது ₹1,38,000. இனி கணக்கு முழுக்க இந்தத் தொகை மேலேதான்.

இந்த நிகர எடையைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. 2024 மார்ச் 4-ஆம் தேதி ஐஐஎஃப்எல் ஃபைனான்ஸ் நிறுவனம் புதிதாக நகைக் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி தடை போட்டபோது, சொன்ன காரணங்களில் முதலாவதே தங்கத்தின் தரத்தையும் நிகர எடையையும் கணிப்பதில் பெரிய விலகல்கள் இருந்தன என்பதுதான். அந்தத் தடை அதே ஆண்டு செப்டம்பரில் நீங்கியது. நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: சீட்டில் மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பணத்தை எண்ணுவதற்கு முன்பே பாருங்கள்.

சரி, வட்டிக்கு வருவோம். "ஒன்றரை ரூபா வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ₹1.50. ₹1,38,000-க்கு மாதம் ₹2,070. ஜூன் 10-ஆம் தேதி வைத்த நகையை நவம்பர் 14-ஆம் தேதி திருப்பப் போறீங்க. 5 மாதமும் 4 நாளும் ஆகியிருக்கிறது. நாளாக எண்ணினால் 157 நாள்.

நாள் கணக்கில் போட்டால், ஆண்டுக்கு 18 சதவீதம் என்ற வீதத்தில் 157 நாளுக்கு வட்டி ₹10,685. இது ஒரு விடை.

"மாசம் உடைஞ்சா முழு மாசம்" என்பது பல அடகுக் கடைகளின் வழக்கம். அந்த 4 நாளுக்கும் ஒரு முழு மாத வட்டி. ஆக 6 மாதம், ₹12,420. சில கடைகளில் 15 நாள் வரைக்கும் அரை மாதம் என்று எடுப்பார்கள், அப்படியென்றால் ₹11,385.

இதே நகை, இதே கடன், இதே ஒன்றரை ரூபாய். மூன்று விடைகள். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இடையே ₹1,735 வித்தியாசம்.

இங்கே நிறைய பேர் "கூட்டு வட்டி போடுறாங்களா?" என்றுதான் முதலில் பயப்படுகிறார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். 5 மாதமும் வட்டி கட்டாமல் விட்டு, மாதாமாதம் அது அசலோடு சேர்ந்தாலும், நவம்பர் 14-இல் வட்டி ₹10,958 தான். நாள் கணக்குத் தனி வட்டியைவிட ₹273 அதிகம். ஆனால் உடைந்த மாதம் சாப்பிட்டது ₹1,735. கூட்டு வட்டி ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு முழு வருடம் போனால் அது ₹2,155 கூடுதலாகக் கேட்கும், வருடங்கள் ஏற ஏற அது வளரும். ஆனால் குறுகிய காலக் கடனில் நம்மைக் கடிப்பது அது இல்லை, மாதத்தை எண்ணும் விதம்தான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் நம்ம ஊர்தான். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு பக்கம் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் லாரி முனையம். டயர் மாற்ற, எஃப்.சி. எடுக்க, சம்பளம் தள்ளிப்போன மாதத்தைச் சமாளிக்க என்று இங்கே நகை வைப்பவர்களுக்கு ஒரு வருடத்துக்குப் பணம் தேவையில்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பில் பணம் வந்துவிடும், திருப்பிவிடுவார்கள். அவர்களுக்குத்தான் இந்த உடைந்த மாதம் பலமாக அடிக்கிறது.

அதே ₹1,38,000, 35 நாளில் திருப்புகிறீர்கள் என்று வையுங்கள். நாள் கணக்கில் வட்டி ₹2,382. மாதக் கணக்கில் இரண்டு முழு மாதம், ₹4,140. அதாவது 35 நாளுக்கு நூற்றுக்கு ₹3. இதை ஆண்டுக்கு மாற்றினால் 31 சதவீதத்துக்கு மேல், மாதத்துக்குச் சுமார் ₹2.60. போர்டில் எழுதியிருப்பது ஒன்றரை. நீங்கள் கொடுத்தது இரண்டரைக்கும் மேல். பக்கத்துத் தெருவில் ஒருவர் நாள் கணக்கில் "ரெண்டு ரூபா வட்டி" கேட்டிருந்தால், "அவர் அநியாய வட்டிக்காரர்" என்று ஒதுங்கியிருப்பீர்கள். ஆனால் அவரிடம் இந்த 35 நாளுக்கு ஆகியிருப்பது சுமார் ₹3,176 தான்.

என் கருத்து இதுதான்: நகைக் கடனுக்கு மாத வட்டி வீதத்தை மட்டும் வைத்து இடம் தேடாதீர்கள். எண்ணும் விதத்தை முதலில் கேளுங்கள், வீதத்தை அடுத்துக் கேளுங்கள்.

வங்கி, நிதி நிறுவனம் என்றால் இதில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. 2024 ஏப்ரல் 29-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. மாதத்தின் நடுவில் கடன் கொடுத்தாலும், நடுவில் அடைத்தாலும், கடன் நிலுவையில் இருந்த நாட்களுக்கு மட்டும் வட்டி போடாமல் முழு மாதத்துக்கும் சில நிறுவனங்கள் வசூலிக்கின்றன, இது நியாயமான நடைமுறை இல்லை என்று அதில் நேரடியாகவே சொல்லியிருக்கிறது. ஆக நிதி நிறுவனக் கிளையில் "மாசம் உடைஞ்சுடுச்சு சார்" என்றால், "நாள் கணக்கில் போட்டுக் கொடுங்க" என்று கேட்பது சண்டை இல்லை, உரிமை. ஆனால் தெருமுனை அடகுக் கடை ரிசர்வ் வங்கியின் கீழ் வராது. அது அரசிடம் உரிமம் வாங்கி நடத்துவது. அங்கே இந்தச் சுற்றறிக்கையைக் காட்டிப் பயனில்லை. வைப்பதற்கு முன்னாலேயே பேசித் தீர்க்க வேண்டும்.

நிதி நிறுவனத்தில் நாள் கணக்கு இருக்கிறது என்பதால் அங்கே எல்லாம் சுலபம் என்று நினைக்காதீர்கள். அங்கே வேறொரு கண்ணி உண்டு: படி வட்டி. "மாதம் ஒரு ரூபாய்தான்" என்று சொல்லும் சில திட்டங்களில், மாதாமாதம் வட்டியைத் தவறாமல் கட்டினால்தான் அந்த ஒரு ரூபாய். குறிப்பிட்ட நாளைத் தாண்டினால் வீதம் ஏறும். ஏறிய வீதம் தாண்டிய நாளிலிருந்து மட்டும் இல்லாமல், சில திட்டங்களில் கடன் வாங்கிய முதல் நாளிலிருந்தே பொருந்தும். உதாரணத்துக்கு, ஒரு ரூபாய் என்பது 90 நாளைத் தாண்டியதும் ஒன்றே முக்கால் ஆகிறது, அதுவும் முதல் நாளிலிருந்து என்று வையுங்கள். நம்ம 157 நாள் கணக்கில் நீங்கள் மனதில் வைத்திருந்த வட்டி ₹7,123. கவுன்ட்டரில் கேட்பது ₹12,465. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் அது இருந்திருக்கும்.

அந்தத் தாளைத்தான் கேட்டு வாங்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதுக் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முக்கிய விவர அறிக்கை ஒன்று கொடுத்தாக வேண்டும். கேஎஃப்எஸ் என்று கேட்டால் தெரியும். வட்டியோடு மற்ற கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வீதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டு இடத்தை ஒப்பிட அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். ஆனால் தவணை தவறினால் வீதம் எவ்வளவு ஏறும், எந்த நாளிலிருந்து ஏறும் என்பதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்து, கிராமுக்கு யார் அதிகம் தருகிறார்கள் என்று நாலு கடை ஏறி இறங்கும் பழக்கம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கூடுதலாகத் தரும் ஒவ்வொரு ரூபாயும் வட்டி ஏறும் ரூபாய். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட புதிய விதிகளின்படி, இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். ஆனால் அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், கடைசியில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையையும் அந்த 85-க்குள் அடக்க வேண்டும். அதாவது ஒரு லட்ச ரூபாய் நகைக்கு, 18 சதவீத வட்டியில் ஒரு வருடக் கடன் என்றால் கையில் வரக்கூடியது சுமார் ₹72,000 தான். இது குறைவு என்று கோபப்படாதீர்கள். மீதி இடைவெளிதான் தங்கம் விலை இறங்கினாலும் உங்கள் நகை மூழ்காமல் காப்பது. 3 பவுனுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை விட்டுவிட்டு, டயருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் வாங்குங்கள். தேவை ₹80,000 என்றால் அதே நகையை வைத்தே ₹80,000 மட்டும் வாங்கலாம். மாத வட்டி ₹2,070 இல்லை, ₹1,200 தான்.

ஏற்கெனவே அடகுக் கடையில் வைத்துவிட்டவர்களுக்கு ஒன்று. சீட்டில் தேதியைப் பாருங்கள். 10-ஆம் தேதி வைத்திருந்தால் உங்கள் மாதம் 10-இல் உடைகிறது. 9-ஆம் தேதி திருப்ப முடியும் என்றால் 14-ஆம் தேதி வரைக்கும் தள்ளாதீர்கள், ஐந்து நாளுக்கு ₹2,070 போகும். தவறிப்போய் உடைந்துவிட்டதா? முழு மாதத்துக்கும் காசு கொடுத்தாச்சு, பிறகு அவசரப்பட்டு அதிக வட்டிக்குக் கைமாத்து வாங்கி மறுநாளே திருப்புவதில் லாபமில்லை, அடுத்த 9-ஆம் தேதிக்குள் திருப்பினால் போதும்.

இன்னும் வைக்காதவர்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இந்த ஒரே ஒரு கேள்வி: "இன்னைக்கு வச்சு, 35-ஆவது நாள் வந்து திருப்பினா மொத்தம் எவ்வளவு கொடுக்கணும்?" பதிலை ரூபாயில் வாங்குங்கள், சதவீதத்தில் வேண்டாம். ஒன்றரை ரூபாய் என்று சொன்னவர் யார், இரண்டரை ரூபாய் வாங்குபவர் யார் என்று அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும்.