மணி குறிக்காத எச்சரிக்கை

மாசி மகத்தன்று விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றங்கரை நெரியும். நல்லூரிலிருந்து பைக்கில் கிளம்புகிறவரின் வாட்ஸ்அப் குழுவில், ‘வண்டி நிறுத்த இடமில்லை’ என்று வருகிறது. எப்போது இல்லை? கைமாறி வரும் செய்தியில் அதைப் பகிர்ந்த நேரம்தான் தெரியும், முதலில் எழுதிய நேரம் தெரியாது. காலை 6 மணிக்கு நிறைந்த இடம் 10 மணிக்குக் காலியாகியிருக்கலாம். கூட்டத்தில் சிக்னல் திணறினால் செய்தியே தாமதமாகும். ஆகவே கோயில் நிர்வாகம் தன் வாட்ஸ்அப் குழுவில் பக்தர்களுக்கு எழுதும் செய்தியில் வாழ்த்தைச் சுருக்கட்டும். தேதி, மணி, நிறைந்த இடம், மாற்று இடம் ஆகிய நான்கையும் ஒவ்வோர் எச்சரிக்கைக்குள்ளும் எழுதட்டும். அட்மின் மட்டுமே பதிவிடும்படி குழுவை அமைக்கட்டும். இல்லையேல் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் எச்சரிக்கை புதைந்துவிடும். குழுவில் 1,024 பேர்தான் சேரலாம். மற்றவர்களுக்கு ஊர் எல்லையிலேயே தட்டியும் ஒலிபெருக்கியும் வேண்டும்.