‘பைனல்’ எண்டு பேர் வைச்சாப் போதுமா?

போன செமஸ்டரில் எங்கட குரூப் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மிஸ் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “இந்த 11,700 ரூபா நாளுக்கோ, கிழமைக்கோ?”

ஐந்து பேரும் ஆளையாள் பார்த்தோம். பஸ் நிலையத்தடிச் சிறுவியாபாரிகள் 40 பேரிடம் கதைத்துச் செய்த ஆய்வு அது. கிழமை வருமானத்தின் சராசரி என்றுதான் எழுதியிருந்தோம். ஆனால் மிஸ் தரவு அட்டவணையைத் திறந்து காட்டினா. ஒரே நிரலில் ஒரு வரியில் 2,500, அடுத்த வரியில் 18,000. பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்களின் வருமானம் இப்பிடி ஏழு மடங்கு வித்தியாசப்படாது.

என்ன நடந்தது என்று தேடிப் பிடிக்க இரண்டு நாள் எடுத்தது. முதல் வினாக்கொத்தில் ஏழாவது கேள்வி, “உங்கள் ஒரு நாள் வருமானம் எவ்வளவு?” முதல் சில பேரோடு கதைத்தபோது, “தம்பி, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி, கிழமைக் கணக்குக் கேளுங்கோ” என்றார்கள். சரியான கதை. அன்றிரவே கேள்வியை மாற்றிப் புதுக் கோப்பை வட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். ஆனால் பழைய வினாக்கொத்தின் போட்டோகொப்பி ஒரு கட்டு ஒரு நண்பனின் பையிலேயே கிடந்தது. அவன் மெசேஜைப் பார்த்தவன்தான். மாறினது ஏழாவது கேள்வி என்று அதில் ஒருவரும் எழுதவில்லை. எழுத்துப் பிழை ஏதோ திருத்தியிருப்பினம் என்று நினைத்து, கையில் இருந்ததையே கொண்டு போய்விட்டான்.

இப்படிப் பிரச்சினை வந்தால் எல்லாரும் சொல்லுகிற தீர்வு ஒன்று இருக்கிறது. “கூகுள் டொக்ஸில ஒரே பைலா வைச்சிருந்தா இது வந்திராது.” அது பாதிதான் உண்மை என்பது என் கருத்து.

உண்மையான பாதியை முதலில் சொல்கிறேன். வட்ஸ்அப்பில் ஒரு வேர்ட் கோப்பை அனுப்பினால் ஐந்து பேருக்கும் ஐந்து தனிப் பிரதிகள் போகின்றன. இரண்டு பேர் ஒரே இரவில் ஆளுக்கொரு பக்கம் திருத்தினால், யார் பிந்தி அனுப்புகிறாரோ அவரின் பிரதி நிற்கும். மற்றவரின் உழைப்பு சத்தமில்லாமல் போய்விடும். ஒரே ஒன்லைன் கோப்பில் எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. யார் எதை எப்போது மாற்றினார் என்பதை `Version history` காட்டும். ஏற்கனவே இரண்டு பிரதிகளாகப் பிரிந்துவிட்டாலும் வழி இருக்கிறது. வேர்ட்டில் `Review` பகுதியிலுள்ள `Compare` இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசங்களைக் காட்டும். ஒருவர் கோப்பை இறக்கி வீட்டில் திருத்திவிட்டு வந்தால் மட்டும் பழைய கதை திரும்பவும் தொடங்கும்.

மற்றப் பாதி கோப்புக்கு வெளியே இருக்கிறது. எங்கட ஆய்வில் இருந்தது ஒரு கோப்பு இல்லை. வினாக்கொத்து, நிரப்பின தாள்கள், தரவு அட்டவணை, அறிக்கை என்று நான்கு பொருட்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். எந்த வினாக்கொத்துக்கு எந்தத் தாள், எந்தத் தாளுக்கு எந்த அட்டவணை என்ற தொடர்பை எந்த மென்பொருளும் எங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கவில்லை.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. ஏர்பஸ் நிறுவனம் ஏ380 விமானத்தைக் கட்டியபோது ஹம்பேர்க்கில் இருந்தவர்களும் துளூஸில் இருந்தவர்களும் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பாவித்தார்கள். கடைசியில் பாகங்களைப் பொருத்தும்போது வயர்கள் நீளம் காணாமல் போயின. 2006இல் அந்த விமானம் பிந்தியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இப்படிப்பட்ட வேலைகளில் இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெயர் பெரிசு, உருவமைப்பு மேலாண்மை. உள்ளே இருக்கிற யோசனை சின்னது. எந்தெந்தப் பொருட்கள் சேர்ந்து ஒரு தொகுதி என்று முதலில் எழுதி வைப்பது. எல்லாரும் ஒத்துக்கொண்ட பதிப்பைப் பூட்டுவது. பூட்டினதை மாற்றினால் என்ன, ஏன், யார் என்று பதிவது. கடைசியில், தொகுதியில் உள்ளவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது.

எங்களுக்கு இதில் தேவைப்பட்டது ஒரு பக்கக் குறிப்புத்தான். அதில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் போதும்: “வினாக்கொத்து 2. கேள்வி 7 நாள் வருமானத்திலிருந்து கிழமை வருமானமாக மாறியது. பழைய பிரதி 15 கொடுத்தது, 15 திரும்ப வந்தது.” கடைசி வசனம்தான் முக்கியம். புதியதை அனுப்புவதோடு வேலை முடியாது, பழையதைத் திரும்ப வாங்கவும் வேணும். அதோடு ஒவ்வொரு தாளின் அடியிலும் பதிப்பு எண் அச்சாகியிருக்க வேணும்.

அது இல்லாததன் விலையைச் சொல்கிறேன். 34 பேரின் பதில்கள் தாளில் இருந்தன; கேள்வியைப் பார்த்துப் பிரித்துவிட்டோம். பழைய தாளில் இருந்தவற்றை, கிழமைக்கு எத்தனை நாள் கடை போடுகிறார்கள் என்ற பதிலால் பெருக்கினோம். மற்ற 6 பேரின் பதில்கள் போனில் வெறும் “7 – 8000” என்று கிடந்தன. 8,000 ஒரு நல்ல நாளின் வருமானமாகவும் இருக்கலாம், ஒரு மோசமான கிழமையின் வருமானமாகவும் இருக்கலாம். திரும்பப் போய் நாலு பேரைக் கண்டுபிடித்தோம். இரண்டு பேர் கிடைக்கவில்லை, அவர்களை விட்டுவிட்டோம். சரியான சராசரி 17,000ஐத் தாண்டியது. வெயிலில் நின்று எங்களோடு கதைத்த மனிசரை, அவர்கள் இருப்பதைவிட மூன்றிலொரு பங்கு ஏழையாக எழுதி வைத்திருந்தோம்.

இதோடும் முடியவில்லை. திருத்தின அறிக்கையில் ஆய்வுமுறைப் பகுதி 38 பேர் என்றது. சுருக்கம் 40 பேர் என்றே இருந்தது. அப்போது எல்லாரும் ஒரே கூகுள் டொக்ஸில்தான் எழுதினோம். இரண்டு வசனமும் வெவ்வேறு பக்கங்களில் இருந்ததால் கணினிக்கு அதில் எந்த மோதலும் தெரியவில்லை. சமர்ப்பிக்க முதல்நாள் இரவு, ஒரு நண்பி எண்களை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் பார்த்ததால்தான் பிடிபட்டது.

அந்த நண்பியைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேணும். “ஒராள் பொறுப்பெடுத்தா அவர் பொஸ் ஆயிடுவார்” என்று தொடக்கத்தில் நாங்கள் ஒருவரையும் பொறுப்பாக வைக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பொறுப்பாளர் இல்லாத குரூப்பிலும் அந்த வேலை நடக்கத்தான் செய்கிறது. ஒருத்தி விடிய விடிய இருந்து ஐந்து பேரின் துண்டுகளையும் ஒட்டுகிறாள். அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. நான் பார்த்த குரூப்புகளில் அது அநேகமாக ஒரு பெண்பிள்ளையாகத்தான் இருக்கிறது.

ஆகவே அடுத்த அசைன்மென்டில் முதல் நாளே எங்கள் குரூப் கேட்கப்போகிற கேள்வி, “முன்னுரை யார் எழுதிறது?” என்பது இல்லை. “பதிவை யார் வைச்சிருக்கிறது?” அந்த வேலை கிழமைக்கு ஒராளாக மாறும். யார் யார் செய்தது என்பது அறிக்கையின் முதற் பக்கத்தில் இருக்கும். கோப்புக்கு `final_final2.docx` என்று பெயர் வைக்கிற உரிமை மட்டும் ஒருவருக்கும் இல்லை.