வெட்டிய அரை எங்கே போனது?

கிளினிக்கில் எடுக்கும் எக்ஸ்ரே படம் கணினிக்கு வெறும் எண் வரிசைதான். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதற்கு ஓர் எண். அந்த வரிசையைச் சுருக்கிச் சேமித்தால் இடம் மிச்சம். ஆனால் மீண்டும் விரிக்கும்போது ஒரு புள்ளிகூட மாறக்கூடாது. எலும்பில் உள்ள மயிரிழை விரிசல் ஒன்றிரண்டு எண் வித்தியாசத்தில்தான் தெரியும்.

இதற்கான முதல் படி மிக எளிது. ஹங்கேரியக் கணித மேதை ஆல்ஃபிரெட் ஹார் 1909-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் வைத்த கருத்திலிருந்து வந்தது. எண்களை இரண்டிரண்டாகப் பிடித்து, ஒவ்வொரு சோடிக்கும் சராசரி ஒன்று, வித்தியாசம் ஒன்று என எழுதிக்கொள்வதுதான் அது.

ஒரு படத்தின் வரிசையில் எட்டுப் புள்ளிகள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

100, 102, 103, 102, 101, 105, 180, 181

சோடிகளின் சராசரி 101, 102.5, 103, 180.5. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வித்தியாசம் -2, 1, -4, -1. எட்டு எண்கள் எட்டாகவே இருக்கின்றன, எதுவும் இன்னும் சுருங்கவில்லை. ஆனால் சராசரிகளை மட்டும் பார்த்தால் அகலம் பாதியான அதே படம் கிடைக்கிறது. வித்தியாசங்களோ குட்டி எண்கள். குட்டி எண்களை எழுதக் குறைந்த இடம் போதும், பிறகு வரும் சுருக்கும் வேலைக்கு அதுதான் தீனி.

திரும்பப் பெறுவதும் சுலபம். சராசரியோடு பாதி வித்தியாசத்தைக் கூட்டினால் முதல் எண், கழித்தால் இரண்டாவது. 101-உம் -2-உம் இருந்தால் 100, 102 அப்படியே வந்துவிடும்.

சிக்கல் அந்த 102.5-இல் இருக்கிறது. புள்ளிகள் முழு எண்கள். சராசரியில் அரை வந்தால் அதற்கென்று கூடுதல் இடம் ஒதுக்க வேண்டும். சுருக்கப் போய் பெருக்கிய கதை. அரையை வெட்டிவிட்டு 102 என்று எழுதினால்? தகவல் போய்விடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

போகாது. எந்த இரு முழு எண்களை எடுத்தாலும், அவற்றின் கூட்டுத்தொகை ஒற்றைப்படை என்றால் வித்தியாசமும் ஒற்றைப்படைதான். கூட்டுத்தொகை இரட்டைப்படை என்றால் வித்தியாசமும் அப்படியே. ஆகவே வித்தியாசம் 1 என்று பார்த்ததுமே, சராசரியில் ஓர் அரை வெட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். வெட்டிய துண்டு ஏற்கெனவே பக்கத்து எண்ணில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த முழு எண் முறைக்கு எஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்று பெயர். மருத்துவப் படங்களில் பயன்படும் ஜேபெக் 2000-இன் இழப்பில்லா முறையும், பக்கத்துப் புள்ளிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு, இதே உத்தியில்தான் நடக்கிறது.

பைத்தான் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நான்கே வரி. முதல் இரண்டு பிரிக்க, அடுத்த இரண்டு சேர்க்க:

```
s = (a + b) // 2
d = a - b
a = s + (d + 1) // 2
b = a - d
```

103, 102 என்ற சோடிக்கு s 102, d 1. திரும்பி வரும்போது 102 + 1 = 103, பிறகு 103 - 1 = 102. சரி.

இதையே சி மொழியில் `/` போட்டு எழுதினால் ஒரு குழி காத்திருக்கிறது. பைத்தானின் `//` எப்போதும் கீழே உள்ள முழு எண்ணுக்கு இறங்கும், சி-யின் வகுத்தல் பூச்சியத்தை நோக்கி நகரும். 101, 105 சோடியைப் பாருங்கள்: s 103, d -4. -3-ஐ இரண்டால் வகுத்தால் பைத்தானில் -2, சி-யில் -1. அங்கே 102, 106 என்று இரண்டு எண்ணுமே ஒன்று கூடி வரும். வித்தியாசம் எதிர்மறையாகவும் இரட்டைப்படையாகவும் உள்ள சோடிகளில் மட்டும் இது நடக்கும். கண்ணுக்குப் படம் நன்றாகவே தெரியும், அதுதான் ஆபத்து. மூலத்தையும் மீட்டதையும் புள்ளிக்குப் புள்ளி கழித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் பூச்சியமாக வராமல் அங்கங்கே ஒன்று தலைகாட்டினால் காரணம் பெரும்பாலும் இதுவே.

இன்னொன்றும் உண்டு. நம் வரிசையில் பெரிய தாவல் 105-இலிருந்து 180-க்கு. ஆனால் வித்தியாசப் பட்டியலில் அதன் சுவடே இல்லை, ஏனென்றால் அது இரு சோடிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டது. சோடி பிரிப்பதை ஒரு புள்ளி தள்ளித் தொடங்கியிருந்தால் -75 என்று முகத்தில் அறைந்திருக்கும். ஒரே படியின் வித்தியாசங்களை மட்டும் வைத்துப் படத்தில் விளிம்பைத் தேடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மீட்பதற்கு இதனால் பாதகமில்லை, தாவல் சராசரிகளில் பத்திரமாக இருக்கிறது. 101, 102, 103, 180 என்ற அந்த நான்கையும் மறுபடி சோடி பிரித்தால், இரண்டாம் சுற்றில் -77 வந்து நிற்கும்.